திரும்பி வந்துகொண்டிருக்கும் புடவை

மாணிக்கவேல் எந்த விலையையும் ஒரே மூச்சில் சொன்னவர் இல்லை. முதலில் புடவையை விரிப்பார். பிறகு ஒரு விலை சொல்வார். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாளின் முகத்தில் லேசாக நிம்மதி தெரிந்ததும், "வரி தனிம்மா" என்பார். நிம்மதி போய்விடும். காபி வரும். காபி பாதி காலியானதும், "சரி, நம்ம வீட்டுக் கல்யாணமாட்டம் வச்சுக்கறேன், வரிய நானே போட்டுக்கறேன்" என்பார். போன நிம்மதி வட்டியோடு திரும்பி வரும். அந்த அம்மாள் கணவரைப் பார்த்து ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்த வரி முதலில் சொன்ன விலைக்குள்ளேயே காலை மடக்கி உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தப்பில்லை. சிரிப்பு சிரிப்புதானே.

வாங்க வந்தவர் தலையில் முதலில் பாரத்தை வைப்பது, அப்புறம் தானே கை கொடுத்து இறக்குவது. காஞ்சிபுரத்தில் இந்த ஒரு வித்தையை வைத்தே அவர் அப்பா கடை கட்டினார், இவர் மாடி கட்டினார்.

வினை எங்கே வந்தது என்றால், அதே வித்தையை அப்படியே வெப்சைட்டிலும் ஏற்றினார். வெப்சைட்டில் காபி கிடையாது.

அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் துர்கா. ஐயம்பேட்டையில் விவசாயக் குடும்பம், பி.காம்., தினம் ஷேர் ஆட்டோவில் வந்து மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் முதலாளியிடம் சொன்னாள்.

"சார், செட்டிங்ஸ்ல ஒரு டிக் இருக்குது. 'விலையில் வரி அடக்கம்'னு. அத போட்டுட்டு, டெலிவரி சார்ஜையும் விலைக்குக் கீழயே எழுதிடலாம் சார். இப்ப புடவப் படத்துக்குக் கீழ ஒரு விலை இருக்குது. கடைசில பணம் கட்ற பக்கத்துல போனா வேற விலை வருது. அங்கதான் எல்லாரும் ஓடிப் போறாங்க."

"ஓடிப் போறாங்கன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டர் காட்டுது சார். கூடையில புடவய வச்சுட்டு, கடைசிப் பக்கத்துல அப்படியே வுட்டுட்டுப் போயிருக்காங்க. நேத்து மட்டும் பாருங்க."

மாணிக்கவேல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பெயர், ஊர், தேர்ந்தெடுத்த புடவை, எல்லாம் வரிசையாக இருந்தது. ஆள் மட்டும் இல்லை. யாரோ கடைக்குள் வந்து புடவைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு வந்த நிமிஷத்தில் பேசாமல் மாயமாகிவிட்ட மாதிரி. இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். ஆனாலும் சொன்னார்.

"டிக் போட்டா வரி என் கையில இருந்து போவும். போவாம இருக்கணும்னா விலைய ஏத்தணும். பக்கத்துக் கடைக்காரன் இருபத்தாறாயிரம்னு போட்ருக்கும்போது நான் இருபத்தெட்டுன்னு போட்டா எவன் உள்ள வருவான்?"

"அவங்களும் கடைசில இருபத்தெட்டுதான் சார் வாங்கறாங்க."

"அது கடைசில. மொதல்ல உள்ள வரட்டும்."

"மொத்த விலைய ஒரே எண்ணாக் காட்டணும், அதுல எது எது எவ்ளோன்னு பிரிச்சும் காட்டணும்னு ஆன்லைன் கடைங்களுக்குச் சட்டமே இருக்குது சார்."

"சட்டம் டெல்லியில இருக்குதும்மா. பேரம் இங்க இருக்குது. உள்ள வந்தவங்க கேட்டா பாத்துக்கலாம்."

'பாத்துக்கலாம்' என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். துர்கா மாடிக்குப் போய்விட்டாள்.

ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. வெப்சைட்டிலும் கல்யாணப் புடவை கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஓடிப் போனவர்கள் போக, கொஞ்சம் பேர் நின்றார்கள். முகூர்த்தப் புடவை ஒவ்வொன்றும் கடையை விட்டுக் கிளம்புமுன் முதலாளியம்மா லோகாம்பாளிடம் போக வேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம். அவள் காமாட்சி படத்துக்கு முன்னால் புடவையை வைத்து, தலைப்பு மூலையில் மஞ்சள் தொட்டு ஒரு பொட்டு வைப்பாள். "போ" என்பாள். அவ்வளவுதான். யாரை அனுப்பினாலும் "போயிட்டு வா" என்று சொல்லிப் பழகிய வாய், இதற்கு மட்டும் "வா" சொல்லக் கூடாது. பொட்டு வைத்த புடவை இந்தக் கடைப் படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது.

ஒருமுறை மிதித்திருக்கிறது. மாணிக்கவேலின் அப்பா காலத்தில், கல்யாணம் நின்று போய், பெண்ணின் மாமா ஒரு மழை நாளில் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் புடவை இன்னமும் இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் என்னென்ன நடந்தது என்று லோகாம்பாள் சொல்லமாட்டாள். அந்தத் தட்டை மட்டும் துடைக்கமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் துர்கா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள்.

"சார், தர்மபுரி பார்சல வேணாம்னுட்டாங்க."

"எது?"

"அரக்குக் கலரு. கலையரசின்னு, கல்யாணப் பொண்ணு. வெள்ளிக்கிழம முகூர்த்தம். நேத்து கூரியர்காரரு வீட்டுக்குப் போயிருக்காரு. 'வாங்க மறுத்தார்'னு போட்ருக்குது."

கல்லாவுக்குப் பின்னால் பூ கட்டிக்கொண்டிருந்த லோகாம்பாளின் கை நின்றது.

"நான் பொட்டு வச்ச புடவயா?"

துர்கா தலையை ஆட்டினாள்.

நடந்தது இதுதான். கலையரசி வெப்சைட்டில் அந்த அரக்குப் புடவையைப் பார்த்தாள். கீழே இருபத்தாறாயிரம் என்று போட்டிருந்தது. அப்பாவிடம் காட்டினாள், அவர் சரி என்றார். பணம் கட்டுகிற பக்கத்துக்குப் போனதும் அனுப்பும் கூலி என்று நானூற்றைம்பதும், வீட்டில் பணம் வாங்குவதற்கு இருநூற்றைம்பதும், அத்தனைக்கும் சேர்த்து ஐந்து சதவீத வரியும் ஏறி, இருபத்தெட்டாயிரத்து முப்பத்தைந்து என்று நின்றது. அவள் ஓடிப் போகவில்லை. கடை வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சார், படத்துக்குக் கீழே 26,000 என்றுதான் இருக்கிறது. வரி, டெலிவரி எல்லாம் அதில் சேர்ந்ததா, தனியா? அப்பா கேட்கச் சொன்னார்."

அது சாப்பாட்டு நேரம். துர்கா டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். கடை போன் மாணிக்கவேல் கையில் இருந்தது. அவர் ஒற்றை விரலால் தட்டினார்: "வாங்கம்மா. நம்ம கடை. எல்லாம் பாத்துக்கலாம்." கூடவே கும்பிடுகிற கை எமோஜி இரண்டு.

அவர் கணக்கில் அது பேரத்தின் முதல் படி. அவள் இன்னொரு தரம் கேட்பாள், இவர் கொஞ்சம் யோசிப்பார், கடைசியில் இறக்கிக் கொடுப்பார். அவள் கணக்கில் அது சம்மதம். பாதிப் பணம் பதின்மூன்றாயிரத்தை அன்றைக்கே கட்டினாள். மீதி பதின்மூன்றாயிரத்தை அப்பா ஒரு கவரில் போட்டு சாமி மாடத்தில் வைத்தார். இரண்டாவது தரம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டருக்குப் 'பாத்துக்கலாம்' புரியாது. அது பார்சல் மேல் ஒட்டுகிற சீட்டில், வீட்டில் வாங்க வேண்டிய பணம் பதினைந்தாயிரத்து முப்பத்தைந்து என்று அச்சடித்தது.

துர்கா கூரியர் ஆபீஸில் இருக்கிற விஷாலுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் டைம் இருக்குது. கஸ்டமர் சரின்னு சொன்னா இன்னொரு தபா எடுத்துக்கினு போவாங்க. இல்லன்னா ரிட்டர்ன் கெளம்பிடும். கெளம்பிடுச்சுன்னா நடுவழியில திருப்ப முடியாது. இங்க வந்துதான் ஆவணும்."

"பணத்த மாத்தலாமா விஷால்? பதிமூணுன்னு?"

"இப்ப மாத்தலாம். ரிட்டர்ன் ஆயிட்டா முடியாது."

துர்கா போனைக் கையில் மூடிக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். "சார், அவங்களுக்குப் போன் பண்ணி, எல்லாம் சேத்து இருபத்தாறுதான்னு சொல்லிடட்டுமா? இப்பவே மாத்திடலாம்."

மாணிக்கவேல் தாடையைத் தடவினார். கொடுக்க அவருக்கு மனசுதான். ஆனால் கேட்காமல் கொடுப்பதா? நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு அசிங்கம் நடந்ததில்லை.

"இரு. நாம போன் பண்ணா, 'கொறச்சுடுவாங்க போல'ன்னு இன்னும் கொஞ்சம் கீழ கேப்பான். கல்யாணம் அவங்களுக்கு. புடவ அவங்களுக்கு வேணும். சாயந்திரத்துக்குள்ள அவங்களே கூப்பிடுவாங்க, பாரு. கூப்பிட்டாங்கன்னா நான் பாத்துக்கறேன்."

"மத்த முகூர்த்த ஆர்டருங்க நாலு போயிருக்குதே சார். அதுலயும் இதே மாதிரி சீட்டுதான். அவங்களுக்காவது—"

"நீயே போன் பண்ணி ஞாபகப்படுத்துவியா? வேணும்னா அவங்களே கேக்கட்டும்."

கடை போன் கல்லாமேஜை மேல் இருந்தது. மத்தியானம் ஒருமுறை அடித்தது. ராங் நம்பர். நாலு மணிக்கு மேல் லோகாம்பாள் பூக்கட்டுவதை விட்டுவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்மபுரியிலும் யாரோ ஒருவர் இதேபோல ஒரு போனைப் பார்த்துக்கொண்டு, கடைக்காரனே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டியது. துர்கா வீட்டுக்குக் கிளம்புமுன் ஒருமுறை கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

'அனுப்பியவருக்குத் திரும்புகிறது.'

மறுநாள் வந்ததும் அவள் யாரையும் கேட்காமல் தன் சொந்தப் போனிலிருந்தே தர்மபுரிக்குப் பேசினாள். எடுத்தது பெண்ணின் அப்பா வீரபத்திரன்.

"ஏம்மா, நான் கவர்மெண்ட் பஸ்ஸுல முப்பது வருஷம் கண்டக்டர்" என்றார், ஆரம்பத்திலேயே. கோபமே இல்லாத குரல். அதுதான் துர்காவுக்குப் பயமாக இருந்தது. "சேலம்னா இவ்வளவு, ஓமலூர்னா இவ்வளவு. டிக்கெட்டுல என்ன போட்டிருக்கோ அதை வாங்கினேன். பாதி வழியில போய் 'காத்து வருதில்ல, அதுக்குத் தனி'ன்னு நான் யார்கிட்டயும் கேட்டதில்ல."

"சார், தப்பு எங்க மேலதான் சார். எல்லாம் சேர்த்து இருபத்தாறுதான்—"

"ரெண்டாயிரம் என்கிட்ட இல்லாமயில்லம்மா. கூரியர் பையன் நிக்கறான், வாசல்ல சம்பந்தி வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாடி அவன் வேற விலை சொல்றான். சம்பந்தி கேக்கறார், 'ஏங்க, விலையிலயே ஒளிச்சு வச்சவன் ஜரிகையில ஒளிச்சிருக்க மாட்டானா'ன்னு. நான் என்ன பதில் சொல்றது? அந்தப் புடவையை என் பொண்ணு மணவறையில கட்டிக்கிட்டு உக்காந்தா, பாக்கறவன் கண்ணெல்லாம் அந்த ஜரிகை மேலதான் இருக்கும்."

"சுத்தப் பட்டு சார். கோவில் சத்தியமா."

"இருக்கும்மா. நீ சொல்றது எனக்குக் கேக்குது. ஆனா நேத்து பூரா உங்க கடைக்காரர் ஒரு வார்த்தை பேசலையே." குரலைத் தாழ்த்தினார். "பாப்பா நேத்திலேர்ந்து சாப்பிடல. அவளுக்கு அதே புடவைதான் வேணுமாம். வர்றதா இருந்தா வரட்டும். விலை மட்டும் ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான்."

துர்கா கீழே வந்து சொன்னபோது லோகாம்பாள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எங்க வந்துக்கினு இருக்குது?"

"கிருஷ்ணகிரி, ம்மா."

அன்றைக்கு முழுக்க அதே கேள்வி. கிருஷ்ணகிரி. மத்தியானம் கேட்டபோது இன்னமும் கிருஷ்ணகிரி. சாயந்திரம் ஒரு ஆந்திரா கூட்டம் கடைக்குள் வந்து புடவைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்து, ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போனது. சாதாரணமாக நடக்கிறதுதான். அன்றைக்கு அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. காமாட்சி படத்து விளக்கு ஒருமுறை அணைந்தது. மின்விசிறிக் காற்று என்று மாணிக்கவேல் சொன்னார். சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

"எங்க, துர்கா?"

"வேலூர், ம்மா."

முதலாளியம்மா எழுந்து போய் இரும்பு பீரோவின் அடித்தட்டைப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலையில் விஷால் கூப்பிட்டான். பார்சல் காஞ்சிபுரம் வந்துவிட்டது, பதினொரு மணி வண்டியில் கடைக்குக் கொண்டுவருகிறார்கள்.

"கடைக்கு வேணாம்!" லோகாம்பாள் கத்திய கத்தலில் கடைப் பையன்கள் திரும்பினார்கள். "இன்னாங்க, நீங்களே போய் அங்கயே வாங்குங்க. வாங்கி அப்படியே தர்மபுரிக்கு எடுத்துக்கினு போங்க. இந்தப் படி ஏறக் கூடாது. நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணு கட்டணும். கட்டினாத்தான் பொட்டுக்கு மரியாத. இல்லன்னா நான் இனிமே எதுக்கும் பொட்டு வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

மாணிக்கவேல் எதிர்த்துப் பேசவில்லை. கார் எடுத்தார். துர்காவையும் ஏற்றிக்கொண்டார். கூரியர் ஆபீஸில் விஷால் பெட்டியைக் கொடுத்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த பழைய சீட்டை அவர் முதல்முறையாகப் பார்த்தார். பதினைந்தாயிரத்து முப்பத்தைந்து. அதன் மேல் பட்டையாக ஒரு முத்திரை, 'மறுக்கப்பட்டது'. அதைக் கிழித்துப் போடச் சொன்னார். கிழியவில்லை, நல்ல பசை.

வேலூர் தாண்டினார்கள். பெட்டி பின்சீட்டில் இருந்தது. ரோட்டில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் நகர்ந்தது. அவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"சார், அங்க போனதும் இன்னா சொல்லப் போறீங்க?" என்றாள் துர்கா.

"பேசறேன்."

"பேசாதீங்க சார். சொல்லுங்க. ஒரே வரிதான். 'மொத்தம் இருபத்தாறு, வரி, அனுப்புற கூலி எல்லாம் அடக்கம், நீங்க குடுக்க வேண்டியது பதிமூணு.' அவ்ளோதான்."

"எனக்குச் சொல்லத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் விலை சொன்னவன்."

"ஒருவாட்டி சொல்லிக் காட்டுங்க சார்."

அவர் முறைத்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத்தம் இருபத்தாறு. எல்லாம் அடக்கம். நீங்க குடுக்க வேண்டியது பதிமூணு." வாயில் ஏதோ கசந்த மாதிரி நாக்கைச் சுழற்றினார். "இவ்ளோ மொட்டையாவா சொல்றது? நாம ரெண்டாயிரத்துக்கு மேல விட்டுக் குடுக்கறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம் சார்."

"தெரியாம குடுத்தா அது குடுத்ததே இல்லம்மா."

தர்மபுரியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தெரு முனையிலேயே பேனர். வாசலில் பந்தல், இரண்டு பக்கமும் குலையோடு வாழை. உள்ளே யாரோ மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மருதாணி போட்ட கை ஒன்று தெரிந்தது. கார் நின்றதும் அந்தக் கை கம்பியைப் பிடித்துக்கொண்டது.

வீரபத்திரன் கேட்டுக்கு வந்தார். உயரமான மனிதர், கக்கத்தில் தோல் பை இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே ஒரு தோள் சாய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால், பந்தலில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் எழுந்து பார்த்தார்கள். வீரபத்திரன் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சாமி மாடத்துக் கவர். விபூதி ஒட்டியிருந்தது.

"வாங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, சந்தோஷம். விலை என்னங்க?"

அந்தக் கேள்வியைவிடச் சின்னதாக ஒரு கேள்வி இருக்க முடியாது. பதிலும் சின்னதுதான். வேலூரிலிருந்து வாய்க்குள் தயாராகவே இருந்தது.

ஆனால் மாணிக்கவேல் பந்தலைப் பார்த்தார். எழுந்து நிற்கிற சம்பந்திகளைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால், இத்தனை தூரம் பெட்ரோல் போட்டு வந்து, இரண்டாயிரத்துச் சொச்சத்தை யாருக்கும் தெரியாமல் கையில் திணித்துவிட்டுப் போவதா? ஜனங்கள் பார்க்கட்டும். பாரத்தை முதலில் காட்டுவோம். அப்புறம் இறக்குவோம். அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சபையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"சார், புடவ இருபத்தாறு. அனுப்புற கூலி நானூத்தி அம்பது. வீட்ல பணம் வாங்கறதுக்கு எரநூத்தி அம்பது. வரி மட்டுமே ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தஞ்சு. இது போக இன்னிக்கு வண்டி—"

துர்கா அவர் கையைப் பிடித்தாள். "சார்!"

வீரபத்திரன் ஒரு கையைத் தூக்கினார். பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற கை அது. மாணிக்கவேல் நின்றார்.

"சார், அவரு இன்னும் முடிக்கல சார்" என்றாள் துர்கா, அவசரமாக. "எல்லாத்தையும் வுட்டுத் தரேன்னு சொல்லத்தான் வந்தாரு. பதிமூணுதான் சார், எல்லாம் அடக்கம்!"

"ஆமா சார், அதத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள..." மாணிக்கவேலுக்கு வேர்த்தது.

வீரபத்திரன் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது போதுமாக இருந்தது.

"படத்துக்குக் கீழ ஒண்ணு" என்றார் வீரபத்திரன், மெதுவாக. "கூரியர் பையன்கிட்ட ஒண்ணு. இப்ப இவர் வாயில ஒண்ணு, உன் வாயில ஒண்ணு. நாலு விலை ஆச்சும்மா ஒரே புடவைக்கு. நாளைக்கு மணவறைக்கு வந்து அஞ்சாவதா ஒண்ணு சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"ஐயோ, சார்..." என்றாள் துர்கா.

"முன்பணத்தை அனுப்பிடுங்க. முழுசா." கவரை மறுபடி சட்டைப் பையில் வைத்தார். "இந்த ஊர்லயே ஒரு கடையில சிவப்பா ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். சீட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் விலைன்னு சொன்னான். இவ்வளவு நல்லா இல்ல. பரவாயில்ல. மோர் குடிச்சிட்டுப் போறீங்களா?"

ஜன்னல் கம்பியில் இருந்த கை இல்லை. உள்ளே மைக் ஒருமுறை வீலென்று கத்திவிட்டு அடங்கியது. வீரபத்திரன் கேட்டை மூடினார், சத்தம் வராமல், பதமாக. பிறகு மரியாதைக்கு, எல்லோரும் எல்லோரையும் அனுப்பும்போது சொல்கிற அதையே சொன்னார்.

"போயிட்டு வாங்க."

கார் திரும்பியது. வெயில் சாய்ந்து பின்சீட்டில் விழுந்தது. பெட்டி இப்போது நகரவில்லை, சீட் பெல்ட்டைப் போட்டிருந்தாள் துர்கா. கிருஷ்ணகிரி வந்தது. வேலூர் வந்தது. இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரில் பார்த்த ஊர்கள், அதே வரிசையில்.

வாலாஜா டோல் தாண்டியதும் துர்கா போனை எடுத்தாள். வெப்சைட்டுக்குள் போனாள். யாரையும் கேட்காமல் அந்த டிக்கைப் போட்டாள். ஒவ்வொரு புடவை விலையையும் மொத்த விலையாக ஏற்றினாள். வீட்டில் பணம் வாங்குவதற்கான கூலியை எடுத்தே விட்டாள். படத்துக்குக் கீழே எழுதினாள்: 'இதுதான் மொத்த விலை. வரியும் தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவும் இதில் அடக்கம்.' மாணிக்கவேல் ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து மூடிக்கொண்டார்.

கடை வாசலில் விளக்குப் போட்டிருந்தார்கள். லோகாம்பாள் படி மேல் நின்றுகொண்டிருந்தாள். கார் நின்றது. அவள் இறங்கி வரவில்லை. கணவர் முகத்தைப் பார்க்கவில்லை, துர்கா முகத்தைப் பார்க்கவில்லை. காரின் பின்கண்ணாடி வழியாக உள்ளே இருப்பதைப் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது.

மாணிக்கவேல் இறங்கி, கதவைத் திறக்காமல் நின்றார். கடைப் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"உள்ள எடுத்துக்கினு வராதீங்க" என்றாள் லோகாம்பாள்.

"வரல. கார்லயே இருக்கட்டும். நாளைக்குப் பாத்து..." அவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

லோகாம்பாள் இரண்டு படி இறங்கினாள். மஞ்சள் கறை போகாத வலதுகை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"துர்கா, இந்த வாரத்துல நான் இன்னும் எத்தனைக்குப் பொட்டு வச்சு அனுப்புனேன்?"

"நாலு, ம்மா."

"அதுலயும் பழைய சீட்டுதானா?"

வெப்சைட்டில் விலையை மாற்றியாகிவிட்டது. அதனால் ஏற்கெனவே போன பார்சல்களின் சீட்டு தானாக மாறாது. துர்கா போனைத் திறந்தாள். செய்யாறு, திண்டிவனம், ஆரணி, போளூர். நாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதலில் இருந்த செய்யாறுக்கு நேரே, 'டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது' என்றிருந்தது. அவள் முதலாளியைக் கேட்கவில்லை. அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். எடுத்தவுடன் சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருந்தது, முதலில் மொத்தம், பிறகு வேறு எதுவும் இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. லோகாம்பாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நின்றது. துர்கா மறுபடி அழுத்துவதற்குள், கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. செய்யாறுக்கு நேரே எழுத்து 'வாங்க மறுத்தார்' என்று மாறியிருந்தது.